கல் ஆடுகிறதா?

தினமும் போடும் மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். ‘கிலுகிலு’ என்று கேட்டால் கல் ஆடுகிறது.

பிராங் வகையில் நான்கோ ஆறோ நகங்கள்தான் கல்லைப் பிடித்திருக்கும். புடவை நூல் அடிக்கடி சிக்கினால் ஒரு நகம் நிமிர்ந்திருக்கலாம். நுனி தேய்ந்திருந்தால் ஆசாரி தங்கம் வைத்து நகத்தைக் கட்டித் தருவார். நான்கு நகத்தில் ஒன்று போனாலே கல் விழக்கூடும். ஆறென்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு.

சேனலில் இரு தங்கச் சுவர்களுக்கு நடுவே கற்கள் வரிசையாக நிற்கும். நூல் மாட்டாது. ஆனால் மோதிரம் நெளிந்தால் பல கற்கள் சேர்ந்து தளரும். அளவு மாற்றுவதும் சிரமம்.

பாத்திரம் தேய்க்கும் கைக்கு என் ஓட்டு பெசலுக்கே. கல்லின் விளிம்பைச் சுற்றிலும் தங்கத் தகடு மடங்கிப் பிடித்திருக்கும். எளிதில் சில்லு பெயரும் மரகதத்துக்கும் அதுவே காப்பு.