"ஃபார்முலா தப்பா வருது"ன்னு அனுப்பினா என்னால என்ன சொல்ல முடியும்? ஒரு எச்.ஆர்.ஏ. ஷீட்டின் கதை



2022-23 நிதியாண்டு முடியிற நேரம். பொத்தேரியில வாடகைக்கு இருக்கிற ஒரு தம்பி வாட்ஸ்அப்ல எனக்கு ஒரு வரி அனுப்பினார்: "அண்ணா, எச்.ஆர்.ஏ. ஃபார்முலா தப்பா வருது, என்னன்னு பாருங்க." அவ்வளவுதான். ஷீட் இல்ல, நம்பர் இல்ல.

நானும் யோசிக்காம ஒரு பதில் போட்டேன்: "மாச வாடகையையும் வருஷ பேசிக்கையும் கலந்திருப்பீங்க, செக் பண்ணுங்க." அவர் கலக்கவே இல்ல. ஒரு சாயங்காலம் வீணாச்சு. அப்புறம்தான் மூணு கேள்வி கேட்டேன். அந்த மூணு பதிலும் மூணு வேற வேற விஷயத்தைக் காட்டிக் கொடுத்துச்சு. ஆனா ஃபார்முலா மட்டும் தப்பே இல்ல!

முதல் கேள்வி: எந்த காலம்ல என்ன இருக்கு?

A-ல மாசம், B-ல பேசிக், C-ல கம்பெனி கொடுக்கிற எச்.ஆர்.ஏ., D-ல கட்டின வாடகை. 2-வது வரிசையிலிருந்து 13-வது வரைக்கும் 12 மாசம். பேசிக் 25,000, எச்.ஆர்.ஏ. 12,500, வாடகை 14,000. வருஷம் முழுக்க இதில் மாற்றம் இல்ல. ஃபார்முலா இது:

```
=MIN(SUM(C2:C13), SUM(D2:D13)-10%*SUM(B2:B13), 40%*SUM(B2:B13))
```

பழைய வரி முறையில எச்.ஆர்.ஏ. விலக்கு கணக்கே இதுதான். கையில வந்த எச்.ஆர்.ஏ., வாடகையில பேசிக்கோட 10% கழிச்ச தொகை, பேசிக்கோட 40% (மெட்ரோவா இருந்தா 50%). இந்த மூணுல எது குறைவோ அதுக்குத்தான் விலக்கு. டி.ஏ. இருந்தா அதையும் பேசிக்கோட சேர்க்கணும், இவருக்கு இல்ல.

அவர் ஷீட்ல விடை 1,10,000. கையில போட்டுப் பார்ப்போம். எச்.ஆர்.ஏ. 1,50,000. வாடகை 1,68,000-ல 30,000 போக 1,38,000. பேசிக் 3,00,000-ல 40% 1,20,000. மூணுல எதுவுமே 1,10,000 இல்லையே!

அப்போ ஏதோ ஒரு காலத்தோட கூட்டல்தான் இடிக்குது. வாடகை காலத்தை மட்டும் தனியா கூட்டச் சொன்னேன். 1,40,000 வந்துச்சு. அதாவது ரெண்டு மாச வாடகையைக் காணோம். ஆனா 12 வரிசையிலயும் 14,000 கண்ணுக்குத் தெரியுது. ஸ்கிரீன்ஷாட் வாங்கினதும் புரிஞ்சுது. ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஹவுஸ் ஓனர் கொடுத்த ரசீதுல இருந்த மாதிரியே "14,000/-"ன்னு டைப் பண்ணியிருந்தார். கடைசியில அந்த "/-" இருந்தா எக்செல் அதை நம்பரா எடுத்துக்காது, வெறும் எழுத்துதான். SUM எழுத்து இருக்கிற செல்லைச் சத்தமில்லாம தாண்டிப் போயிடும். எரர் எதுவும் காட்டாது. அதனாலதான் இது ஆபத்து.

ரெண்டாவது கேள்வி: எந்த வெர்ஷன்?

எந்தெந்த மாசம் எழுத்தா இருக்குன்னு பார்க்க நான் இதை அனுப்பினேன்:

```
=FILTER(A2:A13, ISTEXT(D2:D13))
```

அவருக்கு `#NAME?`ன்னு வந்துச்சு. "அண்ணா, உங்க ஃபார்முலாவும் தப்பு" அப்படின்னார். அவர் லேப்டாப்ல இருந்தது எக்செல் 2016. FILTER அதுல கிடையாது. எக்செல் 2021-ம் அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷனும், மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் ஷீட்ஸ் இதுலதான் வேலை செய்யும். வெர்ஷனை முன்னாடியே கேட்டிருந்தா, எல்லா வெர்ஷன்லயும் ஓடுற இந்த ரெண்டைக் கொடுத்திருப்பேன்:

```
=COUNT(D2:D13)
=COUNTA(D2:D13)
```

COUNT நம்பர் இருக்கிற செல்லை மட்டும் எண்ணும். COUNTA காலியா இல்லாத எல்லா செல்லையும் எண்ணும். அவருக்கு 10, 12 வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா இல்லன்னா ஏதோ ஒரு செல்லுல எழுத்து ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். சரி பண்றது சுலபம். D காலத்தை செலக்ட் பண்ணி Ctrl+H அழுத்தி, Find-ல `/-` போட்டு, Replace-ஐக் காலியா விட்டு Replace All கொடுங்க. அதுக்கப்புறமும் COUNT 12 ஆகலன்னா அந்த செல்லோட ஃபார்மட் Text-ஆ இருக்கும். General-க்கு மாத்திட்டு நம்பரைத் திரும்ப டைப் பண்ணுங்க.

இப்போ விடை 1,20,000 வந்துச்சு. பிரச்சனை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். "இல்லண்ணா, இன்னும் தப்பாதான் வருது" அப்படின்னார்.

மூணாவது கேள்வி: நீங்க எதிர்பார்க்கிற விடை என்ன, அது எங்கிருந்து வந்தது?

"1,38,000 வரணும். என் டீம்ல இருக்கிறவனுக்கு அதே பேசிக், அதே வாடகை. அவனுக்கு 1,38,000 வந்திருக்கு."

அந்த நண்பர் எங்க இருக்கார்னு கேட்டேன். வேளச்சேரி. அங்கதான் விஷயம்! 2022-23-ல 50% கணக்கு மும்பை, கொல்கத்தா, டெல்லி, சென்னை இந்த நாலு ஊர்ல இருக்கிற வீட்டுக்குத்தான் இருந்துச்சு. ஆஃபீஸ் எங்க இருக்குங்கிறது கணக்கில்ல, நீங்க குடியிருக்கிற வீடு எங்க இருக்குங்கிறதுதான் கணக்கு. வேளச்சேரி சென்னை மாநகராட்சிக்குள்ள இருக்கு. அதனால அவருக்கு 50%, அதாவது 1,50,000. மூணுல குறைவு 1,38,000. பொத்தேரி செங்கல்பட்டு மாவட்டம். பீச் ஸ்டேஷன்ல ஏறினா ஒரே லோக்கல் ட்ரெயின்ல வந்துடலாம்தான், ஆனா இந்த விதிக்கு அது சென்னை இல்ல. 40%தான். 1,20,000தான் சரியான விடை.

அவர் வருமானம் 20% ஸ்லாப்ல இருந்துச்சு, செஸ் சேர்த்தா 20.8%. 1,10,000-ஓட விட்டிருந்தா 2,080 ரூபாய் வரி கூடுதலா போயிருக்கும். "ஃபார்முலாதான் தப்பு"ன்னு யாராவது 40%-ஐ 50%-ஆ மாத்திக் கொடுத்திருந்தா, 18,000 ரூபாய் தப்பான விலக்கு. 3,744 ரூபாய் வரி குறைவா கட்டியிருப்பார். பின்னாடி நோட்டீஸ் வந்தா வட்டியோட கட்ட வேண்டியது அவர்தான், ஃபார்முலா கொடுத்தவர் இல்ல.

இப்போ கவனிங்க. நான் காலத்தை மட்டும் கேட்டிருந்தா "/-" மாட்டியிருக்கும், வேளச்சேரி கணக்கு மாட்டியிருக்காது. எதிர்பார்த்த விடையை மட்டும் கேட்டிருந்தா 40% பத்தி விளக்கிட்டு, ரெண்டு மாச வாடகையை விட்டிருப்பேன். அவர் முதல் நாளே இப்படி அனுப்பியிருந்தா பத்து நிமிஷ வேலை:

> "எக்செல் 2016. B பேசிக் 25,000, C எச்.ஆர்.ஏ. 12,500, D வாடகை 14,000, 12 மாசம். வீடு பொத்தேரி. ஃபார்முலா இதோ. வர்றது 1,10,000. நான் எதிர்பார்க்கிறது 1,38,000, ஏன்னா வேளச்சேரியில இருக்கிற நண்பனுக்கு அப்படி வந்திருக்கு."

வெர்ஷன் பார்க்க எக்செல்ல File, அப்புறம் Account போங்க. ஃபார்முலாவை ஸ்கிரீன்ஷாட்டா அனுப்பாம, காப்பி பண்ணி எழுத்தா அனுப்புங்க. பான் நம்பர், பேர் இதெல்லாம் அழிச்சுட்டு ரெண்டு மூணு வரிசை போதும். ஆனா தப்பு இருக்கிற வரிசை அதுல இருக்கணும்; எல்லாத்தையும் அழகா திரும்ப டைப் பண்ணி அனுப்பினா அந்த "/-" காணாமப் போயிடும், எனக்கும் தெரியாது.

இதையே எக்செல் 2016-ல செஞ்சு காட்டின வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. உங்க ஷீட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, முதல்ல வாடகை காலத்துக்கு COUNT, COUNTA போட்டுப் பாருங்க.