கையெழுத்துப் போட்ட அக்கா, போடாத தங்கை: பழைய பாகத்தைத் திறக்க இரண்டு வழி

நைனார்பாளையம் பக்கம் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் 6 ஏக்கர். உயில் எதுவும் எழுதாமல் 1998-ல் இறந்துபோகிறார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் நால்வர்: இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மகன்கள் இருவரும் 2003-ல் ஆளுக்கு 3 ஏக்கர் என்று பாகப்பத்திரம் பதிவு செய்கிறார்கள். “பட்டா மாத்தணும், ஒரு கைநாட்டு வை” என்று சொல்லி மூத்த மகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். பத்திரத்திலோ, ‘நகையும் ரொக்கமும் பெற்றுக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்தார்’ என்று இருக்கிறது. திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட இளைய மகளின் பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை. 2024-ல் யாரோ வில்லங்கச் சான்று எடுக்கப்போய், விஷயம் இருவருக்கும் தெரியவருகிறது.

குடும்பம் கற்பனைதான். ஆனால், இதுபோன்ற பத்திரங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பஞ்சாயத்தில் உட்கார்ந்ததும் அண்ணன்கள் சொல்லும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: “2004-க்கு முந்தி ரிஜிஸ்டர் ஆன பாகம். இனிமே பொண்ணுங்க கேக்க முடியாது.”

பாதி உண்மையை வைத்துச் சொல்லப்படும் பதில் இது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவை 2005-ல் திருத்தி, பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை கொடுத்தார்கள். அதே பிரிவில், 2004 டிசம்பர் 20-ம் தேதிக்கு முன்பு பதிவான பாகங்களை இந்தத் திருத்தம் கலைக்காது என்றும் எழுதினார்கள். அந்தப் பாதுகாப்பு 6-வது பிரிவு கொடுத்த உரிமைக்கு மட்டும்தான். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்து 8-வது பிரிவின்படி மகனுக்கும் மகளுக்கும் சமமாக இறங்குகிறது. இது 1956-லிருந்தே இருக்கும் சட்டம். ஆகவே, அந்த 6 ஏக்கரில் 1998-லேயே ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் விழுந்துவிட்டது. 2004 என்ற ஆண்டுக்கு இங்கே வேலையே இல்லை. அதனால், நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவர் கிரையம் வாங்கிய மூலப்பத்திரத்தின் நகல் கிடைத்தால், வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி, சகோதரிகள் இருவருக்கும் வழி தனித்தனி.

இளையவர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது அவரைக் கட்டுப்படுத்தாத காகிதம். அதை ரத்துசெய்யச் சொல்லி அவர் கேட்கத் தேவையில்லை. ‘2003-ம் ஆண்டுப் பத்திரம் என்னைக் கட்டுப்படுத்தாது, எனக்கு நான்கில் ஒரு பங்கு பிரித்துக் கொடுங்கள்’ என்று பாகவழக்குப் போடலாம். 2023-ல் ஒடிசா குடும்பம் ஒன்றின் பாகவழக்கிலும், எல்லாப் பங்குதாரர்களும் எழுத்தில் சம்மதித்துக் கையெழுத்திடாத சமரசம் செல்லாது என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது.

“இருபது வருஷமா நாங்கதானே உழறோம், பட்டாவும் எங்க பேர்லதானே இருக்கு” என்று அண்ணன்கள் வாதாடுவார்கள். கூட்டுச்சொத்தில் ஒருவர் உழுவது எல்லோருக்காகவும் உழுவதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பட்டா மாறியதால் மட்டும் தங்கையின் பங்கு போய்விடாது. ‘உனக்குப் பங்கு கிடையாது’ என்று வெளிப்படையாக மறுத்து, அது தங்கைக்குத் தெரிந்து 12 ஆண்டுகள் ஓடிவிட்டதென்று அண்ணன்கள் நிரூபித்தால்தான் சிக்கல். 2008-ல் ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டு, இல்லை என்று சொல்லி அனுப்பிய பேச்சு நடந்திருந்தால், அது அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். அதனால் வக்கீலிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மூத்தவரின் பாதை இதைவிடக் கரடுமுரடானது. அவர் கைரேகை பத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யும்படி நேரடியாகவே கேட்டாக வேண்டும். ஏமாற்றியது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் கெடு. இந்த உதாரணத்தில் 2027-க்குள் வழக்குப் போட வேண்டும். பத்திரம் பதிவான நாளிலேயே அவருக்கு விஷயம் தெரியும் என்றுதான் எதிர்த்தரப்பு அடித்துப் பேசும். நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான். ‘மோசடி நடந்தது’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. எந்த நாள், யார் அழைத்துப் போனார்கள், என்ன சொல்லிக் கைரேகை வாங்கினார்கள், பத்திரத்தை வாசித்துக் காட்டினார்களா, ரொக்கம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்களே, அதற்கு ரசீது உண்டா என்று விவரமாகச் சொல்ல வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்பதும், சாட்சிகள் இருவரும் அண்ணன்களின் ஆட்கள் என்பதும் அவருக்குக் கைகொடுக்கலாம். பங்கு குறைவாகக் கிடைத்தது என்பது மட்டும் பாகத்தைக் கலைக்கப் போதுமான காரணம் ஆகாது. தெரிந்தே விட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் நிலத்தின் விலை ஏறியதும் மனம் மாறுவது வேறு விஷயம். அதற்கு நீதிமன்றம் உதவாது.

பாகம் பிரிக்கும்போது யாராவது மைனராக இருந்திருந்தால் அளவுகோல் மாறும். ‘ரத்தினம் செட்டியார் எதிர் குப்புசாமி செட்டியார்’ என்ற தமிழ்நாட்டு வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெரியவர்கள் சம்மதித்துச் செய்த பாகத்தைக் கலைக்க மோசடி, மிரட்டல், தவறான தகவல் போன்ற ஏதாவதொன்று வேண்டும். மைனருக்கோ, பாகம் அநியாயமானது, தன் நலனைக் கெடுத்தது என்று காட்டினாலே போதும். அந்த வழக்கில் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துகளின் பாகத்தை அப்படியே நிற்கவிட்டு, அநியாயமாக இருந்த அசையும் சொத்துகளின் பாகத்தை மட்டும் திறந்தார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தால், கெட்டதை மட்டும் வெட்டியெடுக்கலாம் என்பது இதில் கிடைக்கும் பாடம். மைனராக இருந்தவர் 18 வயது முடிந்து 3 ஆண்டுகளுக்குள், அதாவது 21 முடிவதற்குள், வழக்குப் போட்டுவிடுவதுதான் பத்திரம்.

வழக்குக்கு முன்பு கையில் இருக்க வேண்டியவை: அப்பாவின் இறப்புச் சான்று, நால்வர் பெயரும் உள்ள வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், 2003-ம் ஆண்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், 1998-க்கு முன்பிருந்து எடுத்த வில்லங்கச் சான்று. வில்லங்கத்தை tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அண்ணன் இடையில் ஒரு துண்டை விற்றிருப்பதும் வில்லங்கத்தில் தெரிந்துவிடும். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். பங்குதாரர் ஒருவரோ, சர்வே எண் ஒன்றோ விடுபட்டால், அதையே காரணம் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பார்கள். மேற்கொண்டு விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் கூடவே கேட்டுவிடுவது நல்லது.

வழக்கு ஜெயித்த அன்றே நிலம் கைக்கு வராது. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு வரும். அதன் பிறகு தனியாக மனுப் போட்டு, கமிஷனர் வந்து அளந்து பிரித்துக் கொடுத்தால்தான் இறுதித் தீர்ப்பு. இந்த இரண்டாவது மனுவைப் போடாமல், ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அண்ணன் தன் செலவில் கிணறு வெட்டியிருந்தால், கூடியவரை அந்தப் பகுதியை அவர் பங்கிலேயே விடப் பார்ப்பார்கள். அவர் விற்ற துண்டையும் அவர் பங்கிலேயே கழிப்பார்கள். தங்கைக்கு ஒன்றரை ஏக்கர் கிடைக்கும். ஆனால், கிணற்றடி ஒன்றரை ஏக்கர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது.

மூத்தவர் தோற்று, இளையவர் மட்டும் ஜெயித்தால், ஒன்றரை ஏக்கர் போக மீதி நாலரை ஏக்கர் அண்ணன்களிடமே இருக்கும். இதைப் புரியும்படி எடுத்துச் சொன்ன பிறகு, நான்கு பேரும் சமாதானத்துக்கு வருகிற குடும்பங்களும் இருக்கின்றன. அப்படி வந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு ஒப்பேற்றக் கூடாது. நால்வரும் சேர்ந்து 2003-ம் ஆண்டுப் பத்திரத்தை ரத்துசெய்து, நால்வரும் கையெழுத்திட்ட புதிய பாகப்பத்திரத்தைப் பதிவு செய்து, அதை வைத்து உட்பிரிவுப் பட்டாவுக்கு மனுக் கொடுக்க வேண்டும்.