கேட்பதற்கு முன் வாக்கியத்தைச் சோதிக்க

மாலை வகுப்பு நண்பர்களுக்கு,

'சார், இந்த சென்டென்ஸ் கரெக்டா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். கரெக்ட் என்றோ தப்பு என்றோ நான் சொன்னதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிகிறது. அடுத்த வாரம் அதே தப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரைக் கேட்டால், அவர் தன் காதுக்கு எப்படிப் படுகிறதோ அதைச் சொல்வார். தப்பையே பத்து வருடம் கேட்டுப் பழகிய காதுக்குத் தப்புதான் சரியாகப் படும். எனவே யாரையும் கேட்பதற்கு முன் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகளை எழுதுகிறேன். உங்கள் நோட்டுகளில் அடிக்கடி பார்ப்பவற்றையெல்லாம் சேர்த்து நானே ஒட்டிய வாக்கியம் இது:

```
One of my friend have explained me the new rules yesterday.
```

பொருள் யாருக்கும் புரியும். இதில் நான்கு இடங்கள் பிசகியிருக்கின்றன. நான்கையும் ஒரே சோதனையில் பிடிக்க முடியாது.

முதலில் விரலை எடுங்கள். 'ஆஃப்' என்ற சொல்லிலிருந்து வினைச்சொல்லுக்கு முன்பு வரை விரலால் மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். 'ஒன் ஹேவ் எக்ஸ்ப்ளெய்ன்ட்' என்று வரும். இப்போது அதே காது முகம் சுளிக்கும். ஒருவருக்கு 'ஹேஸ்'தான் வரவேண்டும். இவ்வளவு நேரம் அது தெரியாமல் போனதற்குக் காரணம், வினைக்குப் பக்கத்தில் வேறு ஒரு சொல் உட்கார்ந்திருந்ததுதான். அதையே எழுவாய் என்று நினைத்துவிடுகிறோம். இடைவெளி நீள நீள இந்த ஏமாற்றம் கூடும்:

```
The list of candidates from the three districts have been sent.
```

இதில் 'டிஸ்ட்ரிக்ட்ஸ்' என்ற பன்மை கண்ணை மறைக்கிறது. விரலை வைத்தால் 'தி லிஸ்ட் ஹேவ் பீன் சென்ட்' என்று பல்லை இளிக்கும். அனுப்பப்பட்டது பட்டியல், ஆக 'ஹேஸ்'.

இந்த விரல் சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் கம்' என்பது சரியான வாக்கியம். விரலை வைத்தால் 'எ நம்பர் ஹேவ் கம்' என்று தப்பாகக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வந்தது யார்? எண்ணா வந்தது? மாணவர்கள் வந்தார்கள். 'எ நம்பர் ஆஃப்', 'எ லாட் ஆஃப்' இரண்டும் 'பல', 'நிறைய' என்று சொல்லும் அடைமொழிகள். அவற்றுக்குப் பின்னால் வரும் பெயர்தான் எழுவாய். பட்டியல் விஷயத்தில் இதே கேள்விக்குப் பட்டியல் என்றுதான் பதில் வந்தது.

அடுத்த பிசகு 'ஃப்ரெண்ட்'. இதற்கு உங்கள் தமிழே போதும். 'என் நண்பரில் ஒருவர்' என்று யாராவது சொல்வோமா? 'நண்பர்களில் ஒருவர்' என்போம். பலரில் ஒருவரைத்தானே பிரித்துச் சொல்கிறோம்? 'ஒன் ஆஃப்' வந்தாலே பின்னால் பன்மை வரவேண்டும்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மூன்றாவது பிசகுக்கு அதுவே காரணம். 'நேற்றே சொல்லியிருக்கிறார்' என்பது நல்ல தமிழ். அந்த 'இருக்கிறார்' ஆங்கிலத்தில் 'ஹேஸ்' ஆகிவிடுகிறது, கூடவே 'யெஸ்டர்டே' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் இப்படிச் சேராது. சோதனை எளியது: காலத்தைச் சொல்லும் சொல்லைத் தேடி வட்டமிடுங்கள். அந்தக் காலம் முடிந்துபோனதா? நேற்று, போன வாரம், 2019-இல், இரண்டு நாள் முன்பு என்று இருந்தால், ஹேவ், ஹேஸ் இரண்டையும் எடுத்துவிட்டு வெறும் இறந்தகாலத்தைப் போடுங்கள். இந்த வாரம், இதுவரை, இன்னும் என்று காலம் திறந்தே இருந்தால் 'ஹேஸ்' இருக்கலாம். நம் வாக்கியத்தில் நேற்று முடிந்துவிட்டது. ஆக, முதல் சோதனையில் பாடுபட்டுத் திருத்திய 'ஹேஸ்' இப்போது போகிறது. திருத்தங்கள் ஒன்றை ஒன்று இப்படி அடித்துக்கொள்வது சகஜம்தான்.

நான்காவதுதான் கெட்டிக்காரப் பிசகு. 'எனக்கு விளக்கினார்', 'எனக்குக் கொடுத்தார்' இரண்டும் தமிழில் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் 'கேவ் மீ' சரி, 'டோல்ட் மீ' சரி, 'ஷோட் மீ' சரி, 'எக்ஸ்ப்ளெய்ன்ட் மீ' மட்டும் ஆகாது. 'டிஸ்க்ரைப்', 'சஜஸ்ட்', 'சே' ஆகியவையும் அதே கட்சி. அவற்றுக்கு ஆளுக்கு முன்னால் 'டு' வேண்டும். ஏன் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே பார்ப்பது? உங்கள் சட்டைப்பை ஆங்கிலம்-தமிழ் அகராதி 'விளக்கு' என்று பொருளைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் என்ன சொல் வரவேண்டும் என்று அது பெரும்பாலும் சொல்லாது.

இதைச் சொல்வதற்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர், தன் மாணவர்கள் பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் தடுமாறுவதைப் பார்த்து, ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன அமைப்பு வரும் என்பதையும் சேர்த்துக் குறிக்கும் அகராதி ஒன்றைச் சக ஆசிரியர்கள் இருவருடன் தயாரித்தார். 1942-இல் டோக்கியோவில் அது வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வாரிசுதான். அதில் இந்த வினையைத் தேடினால், பொருளுக்குப் பக்கத்திலேயே அமைப்பும் இருக்கும்:

```
explain something to somebody
```

பொருளை விட இந்த வரிதான் நமக்கு முக்கியம். விளக்கப்படும் விஷயம் முதலில், பிறகு 'டு', பிறகு ஆள். பெரும்பாலானவர்கள் பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். 'டிஸ்கஸ்' என்ற வினையைத் தேடிப் பாருங்கள், விஷயத்துக்கு முன்னால் 'அபௌட்' வராது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அகராதி பார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், அச்சில் வந்த ஆங்கிலத்தைத் தேடிப் பார்க்கலாம். கூகுள் புத்தகங்களிலிருந்து தொகுத்த 'என்கிராம் வியூவர்' என்ற கருவி 2010 முதல் இருக்கிறது. இரண்டு வடிவங்களைக் கமா போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் தட்டினால், எது எவ்வளவு புழக்கத்தில் இருந்தது என்று ஆண்டுவாரியாகக் கோடு போட்டுக் காட்டும்.

```
explained to me the, explained me the
```

முதல் வடிவத்தின் கோடு எவ்வளவு உயரத்தில் போகிறது, இரண்டாவது எங்கே கிடக்கிறது என்று பார்த்தாலே போதும். எப்போதும் இரண்டு வடிவங்களைத் தட்டுங்கள். சந்தேகப்படும் வடிவத்தை மட்டும் தேடினால், உலகத்தில் அதை எழுதியவர் யாராவது கிடைத்தே தீருவார். 'பார்த்தீர்களா, இருக்கிறது' என்று சமாதானம் அடைந்துவிடுவீர்கள். சாதாரண கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடும்போதும் இதே கதைதான். எத்தனை லட்சம் முடிவுகள் என்று அது காட்டும் எண் வெறும் உத்தேசம். எண்ணை விட்டுவிட்டு, எழுதியவர் யார், எந்தப் பத்திரிகை, எந்தப் புத்தகம் என்று சில முடிவுகளைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, முழு வாக்கியத்தைத் தட்டாதீர்கள். என்கிராம் ஐந்து சொல்லுக்கு மேல் எடுக்காது. கூகுளில் முழு வாக்கியத்தை மேற்கோளுக்குள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அதனால் அது தப்பு என்று ஆகாது. அந்த வாக்கியத்தை உங்களுக்கு முன் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் இருக்கும் மூன்று நான்கு சொற்களை மட்டும் வெட்டி எடுங்கள்.

இந்தத் தேடலைக் கண்மூடி நம்பியும் விடாதீர்கள். முதல் இரண்டு பிசகுகளை இதில் சோதித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

```
my friends have, my friends has
```

முதலாவதுதான் அமோகமாக வெல்லும். ஆனால் நம் எழுவாய் 'ஒன்'. அதற்கு வேண்டியது 'ஹேஸ்'. தேடல் பக்கத்துப் பக்கத்துச் சொற்களை மட்டுமே பார்க்கும், தள்ளி நிற்கும் எழுவாயை அது அறியாது. அந்த வேலையை விரல்தான் செய்ய வேண்டும். மூன்றாவது பிசகிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது:

```
have seen him yesterday
```

இந்த நான்கு சொல்லும் நல்ல புத்தகங்களிலேயே கிடைக்கும். திறந்து பார்த்தால் அதற்கு முன்னால் 'மஸ்ட்', 'மே', 'குட்' என்று ஏதாவது நிற்கும். 'மஸ்ட் ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே', அதாவது 'நேற்று அவரைப் பார்த்திருக்க வேண்டும்' என்ற ஊகம். அது முறையான ஆங்கிலம். உங்கள் வாக்கியத்தின் கதை வேறு. எனவே கிடைத்த முடிவில் இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நகராதீர்கள்.

நான்கையும் திருத்தியபின் வாக்கியம் இப்படி நிற்கிறது:

```
One of my friends explained the new rules to me yesterday.
```

இவ்வளவுக்குப் பிறகும் சோதனையில் அகப்படாதவை இருக்கின்றன. 'தி நியூ ரூல்ஸ்' என்பதில் அந்த 'தி' வேண்டுமா? இருந்தாலும் இலக்கணம் சரி, எடுத்தாலும் சரி. எந்த விதிகள் என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் 'தி' வேண்டும், தெரியாது என்றால் வேண்டாம். அது எந்த அகராதியிலும் இருக்காது, உங்கள் முந்தைய வாக்கியத்தில்தான் இருக்கும். தொனியும் அப்படியே. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்பது நம் அலுவலகங்களில் யாரையும் உறுத்தாது. வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போனால் பழைய கச்சேரி வாசனை அடிக்கும். இதையெல்லாம் ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிக் கேட்கும்போது ஒற்றை வாக்கியத்தை அனுப்பாதீர்கள். அதற்கு முந்தைய வாக்கியத்தையும் எழுதுங்கள், யாருக்குப் போகும் கடிதம் என்று சொல்லுங்கள், அகராதியில் என்ன பார்த்தீர்கள், எந்த இரண்டு வடிவங்களுக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். 'கரெக்டா?' என்று மட்டும் வந்தால் நானும் கரெக்ட், தப்பு என்றுதான் சொல்ல முடியும். 'விதிகளைப் பற்றி முந்தைய வரியிலேயே சொல்லிவிட்டேன், இங்கே தி வேண்டுமா?' என்று வந்தால் காரணத்தோடு பதில் எழுதுவேன். இரவு 10 மணிக்கு மேல் என்றால் மறுநாள் காலையில்.