நான்கு பேர் சேர்ந்து பேசினால் எப்படி எழுதுவது?

தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் பார்ப்பவருக்கு விஷயம் ஓரளவு பிடிபட்டுவிடும். அதை எழுத்தாக்க உட்கார்பவர் பாடுதான் திண்டாட்டம். நேரில் இருந்தால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்து நம் இரு காதுகளும் குரல்களைப் பிரித்துவிடும். வீடியோவிலோ எல்லா மைக்குகளையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் அந்தத் திசை தெரிவதில்லை.

அதனால், மைக் வாரியான தனித்தனி ஒலிப்பதிவு கிடைக்குமா என்று தயாரிப்புக் குழுவிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது. அதிலும் பக்கத்து இருக்கைக்காரர் குரல் விழும்தான். ஆனால் அவரவர் மைக்கில் அவரவர் குரலே ஓங்கி ஒலிக்கும்.

கிடைக்காவிட்டால், ஒரு தடவைக்கு ஒரு குரல் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஏரி தூர்வாரியது பற்றிய விவாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 14:32-ல் மூன்று குரல்கள் மோதுகின்றன. முதல் சுற்றில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவரை மட்டும் பின்தொடர்ந்து அவர் வாக்கியத்தை முடிவுவரை எழுத வேண்டும். குறுக்கிட்டவருக்கு அடுத்த சுற்று, நெறியாளருக்கு அதற்கடுத்தது. திரையில் முகம் தெரிந்தால் உதட்டசைவும் கைகொடுக்கும். ஆனால் கேமரா காட்டும் ஆள்தான் பேசுகிறார் என்று நம்பிவிடக் கூடாது. பல நேரம் அது கேட்டுக்கொண்டிருப்பவரின் முகமாக இருக்கும்.

முடிவில் இப்படி வரும்:

பேச்சாளர் 1: தூர்வாரினோம்னு சொல்றீங்களே, அந்தக் கணக்க [எங்க காட்டினீங்க?]
பேச்சாளர் 2: [கணக்கு இருக்கு சார்,] எல்லாமே இருக்கு.
நெறியாளர்: ஒருத்தர் ஒருத்தரா [தெளிவில்லை 14:36]

முதல் இரண்டு வரிகளிலும் அடைப்புக்குள் இருப்பவை ஒரே நேரத்தில் பேசப்பட்டவை. சேர்ந்து ஒலித்த பேச்சைச் சதுர அடைப்பால் காட்டும் முறை, உரையாடல் ஆய்வுக்கென கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீடுகளில் ஒன்று. பத்திரிகைக்கோ ஆவணத்துக்கோ எழுதும்போது இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. தொடங்கியவர் வாக்கியத்தை முழுதாகப் போட்டுவிட்டு, குறுக்கீட்டை அடுத்த வரியில் தந்தால் போதும். பேச்சாளர் 1-இன் கேள்வியை நடுவில் வெட்டினால், அவர் கேட்காமலே விட்டதுபோல் ஆகிவிடும்.

“ம்”, “ஆமா” என்று பக்கத்தில் கேட்பவை பெரும்பாலும் குறுக்கீடு அல்ல, கேட்கிறேன் என்ற அடையாளம், விட்டுவிடலாம். ஆனால் “ஒத்துக்கிறீங்களா?” என்ற கேள்விக்கு வந்த “ம்” ஒரு பதில். அதை விடக் கூடாது.

கேட்காத இடத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு நகர வேண்டும். ஊகித்து ஒரு சொல்லைப் போட்டுவிட்டால், அடுத்த முறை கேட்கும்போது காதுக்கு அதே சொல்தான் கேட்கும். எழுதியவரால் இதிலிருந்து தப்புவது கடினம். அந்தச் சில வினாடிகளை, எழுதியதைக் காட்டாமல், வேறொருவருக்குப் போட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். அவருக்கும் அதே சொல் கேட்டால் வைத்துக்கொள்ளலாம். வேறு கேட்டால் ‘தெளிவில்லை’ என்பதே இருக்கட்டும்.