பையரை அறிமுகம் செய்யும் முன்

திருப்பூரில் வெளிநாட்டு பையர்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நடுவே நின்று ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன்தான் வருமானம். புதிதாகப் பழகிய யூனிட்காரர் ஒருவர், "உங்க ஜெர்மனி பையர்கிட்ட நம்மளையும் சொல்லி வைங்கண்ணே" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். மின்னஞ்சல் முகவரியை அங்கேயே கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. முதலில் யூனிட்டின் வேலை தெரிய வேண்டும். சாம்பிள் தைக்கச் சொல்லி, சொன்ன தேதியில் வருகிறதா, துவைத்தபின் அளவு சுருங்குகிறதா என்று பார்க்கலாம். அதற்கே அவர் தயங்கினால், அவருக்கு வேண்டியது முகவரி மட்டும்தான்.

வேலை தேறினால், பையரின் சம்மதம் கேட்டு, மூவரும் இருக்கும் மின்னஞ்சலில் அறிமுகம் செய்யலாம். அதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பையரோடு நேரடி வியாபாரமே கூடாது என்ற நிபந்தனை இந்தியாவில் எளிதில் நிற்காது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழிலைத் தடுக்கும் உடன்பாடுகளைப் பெரும்பாலும் செல்லாதவையாக்குகிறது. அறிமுகத்தால் வரும் ஆர்டர்களுக்குக் குறிப்பிட்ட காலம்வரை கமிஷன் உண்டு என்று எழுதுவதே உறுதியானது. வழக்கமாக விலை கேட்கும் பையர் சீசன் நேரத்தில் மௌனமானால், சரக்கு வேறு வழியில் போகிறதா என்று விசாரிக்க வேண்டியதுதான்.