ஸ்பெயினில் பாஸ்போர்ட் தொலைந்தால், உடம்புக்கு முடியாமல் போனால்

ஸ்பெயின் நாட்டின் சரகோசா நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபிகான் என்ற கால்நடைக் கண்காட்சி நடக்கிறது. நாமக்கல்லிலிருந்து கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் அங்கே போயிருக்கிறார், மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

நம் ஊரில் ஆவணம் தொலைந்தால் காவல்துறையின் இணையதளத்திலேயே பதிந்து சான்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே காவல் நிலையத்துக்குப் போய், 'தெனுன்சியா' என்ற எழுத்துப் புகாரில் கையெழுத்திட்டு நகல் வாங்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. மாட்ரிட்டில் உள்ள இந்தியத் தூதரகம் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

உள்ளே போனதும் சொல்ல வேண்டியது: "எ பெர்தீதோ மி பாஸப்போர்த்தே." என் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேன். அடுத்து: "கியேரோ போனேர் உனா தெனுன்சியா." புகார் கொடுக்க வேண்டும். தெனுன்சியாவின் முதல் எழுத்தை 'தினம்' என்பதில் வரும் 'தி' போல மென்மையாகச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், "சோய் தே லா இந்தியா." திருட்டுப் போயிருந்தால் மட்டும் முதல் வாக்கியம் மாறும்: "மே ஆன் ரோபாதோ எல் பாஸப்போர்த்தே." காப்பீட்டுப் பணம் வரும் என்று தொலைத்ததைத் திருட்டாகச் சொல்லும் யோசனை சிலருக்கு வரும். நடக்காத குற்றத்தை நடந்ததாகப் புகார் கொடுப்பது அங்கே தண்டனைக்குரியது. அந்த வேலையே வேண்டாம்.

மொழியைவிடப் பெரிய சிக்கல் பெயரில்தான் வரும். ஸ்பெயின்காரர்களுக்கு ஒரு பெயரும் இரண்டு குடும்பப் பெயர்களும் உண்டு. ஒன்று அப்பா வழி, மற்றொன்று அம்மா வழி. நம் ஆளின் பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில்குமார், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பா பெயர் பழனிசாமி. புகாரை எழுதுபவர் 'இரண்டாவது குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்பார். இவர் புரியாமல் ஊர்ப் பெயரைச் சொன்னால் அதுவும் தாளில் ஏறிவிடும். சில நேரம் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறி, பழனிசாமியே தொலைத்தவர் ஆகிவிடுவார். அந்தக் கேள்விக்குப் பதில்: "சோலோ தெங்கோ உன் அப்பெயீதோ." எனக்கு ஒரே குடும்பப் பெயர்தான். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் தனியாகவும் கேட்பார்கள். அது அவர்களின் வழக்கமான கேள்வி, சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல.

பாஸ்போர்ட் எண்ணை வாயால் சொல்ல முயல வேண்டாம். ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்ட அந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்; நகல் கையில் இருந்தால் அதையே நீட்டலாம். கையெழுத்துக்கு முன் பெயர், எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த இடத்தில் விரல் வைத்து, "எஸ்தா மால்" என்றால் போதும், திருத்துவார்கள். தூதரகத்துக்குப் போன பிறகு தவறு தெரிந்தால் மறுபடி காவல் நிலையத்துக்கே அலைய வேண்டியிருக்கும்.

புதிய பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க நேரம் இல்லாதவருக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அது இந்தியா திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே. தொலைந்த பாஸ்போர்ட்டில் இருந்த விசாவும் அதோடு போயிற்று. அப்படியே பாரிஸ் பார்த்துவிட்டு வருவது நடக்காது. தொலைந்ததாகப் பதிந்த பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். பிறகு ஓட்டல் அறையிலேயே கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. ஆகவே புகாருக்கு முன் பெட்டியை முழுவதும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

இனி உடம்பு. அவசர எண் அங்கேயும் 112தான். "நெசெசீத்தோ உனா அம்புலான்சியா" என்றால் ஆம்புலன்ஸ் வேண்டும். தெருப் பெயரைச் சொல்ல வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள். நெஞ்சு வலி: "மே துவேலே எல் பேச்சோ." மூச்சு விட முடியவில்லை: "நோ புவேதோ ரெஸ்பிரார்." மற்ற வலிக்கெல்லாம் இடத்தைத் தொட்டுக்காட்டி, "மே துவேலே அக்கி", இங்கே வலிக்கிறது. சர்க்கரை நோயுள்ளவர் மயக்கம் வருவதற்குள் சொல்ல வேண்டியது: "சோய் தியாபேத்திக்கோ." பெண்ணானால் 'தியாபேத்திக்கா'. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர், "சோய் அலேர்ஹிக்கோ ஆ லா பெனிசிலினா" என்பார்; இதிலும் பெண்ணுக்கு 'அலேர்ஹிக்கா'.

ஆங்கிலம் தெரிந்தவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மலச்சிக்கலுக்கான ஆங்கிலச் சொல்லின் வாலில் 'ஆதோ' சேர்த்து, 'கொன்ஸ்திப்பாதோ' என்று மருந்துக்கடையில் சொன்னால் சளி மருந்துதான் வரும். ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்குச் சளி பிடித்தவர் என்று பொருள். மலச்சிக்கலுக்கு 'எஸ்திரெஞீதோ', நடுவில் வருவது நம் 'ஞ' ஒலியேதான். மருந்துக்கடை வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு எரியும். இரவில் எல்லாக் கடையும் திறந்திருக்காது. முறைவைத்துத் திறக்கும் கடைக்கு 'ஃபார்மாசியா தே குவார்தியா' என்று பெயர். மூடிய கடைகளின் கதவில் அதன் முகவரியை ஒட்டியிருப்பார்கள்.