பந்திக்கு முன்பே போக வேண்டிய செய்தி

கார்த்திகையில் கல்யாணம். காலையில் சைவப் பந்தி, மாலை வரவேற்பில் மட்டன் பிரியாணி. வருகிறவர்களில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள். ஏகாதசி விரதக்காரர் இருப்பார், முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தையும் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியில் ‘சைவமும் உண்டு’ என்று ஒரு வரி போட்டால் இவர்கள் யாருக்கும் போதாது.

மாலை போட்டவருக்குச் சைவம் கிடைத்தால் மட்டும் போதாது. ஒரே அடுப்பா, ஒரே கரண்டியா, பக்கத்து இலையில் கறி விழுமா என்பதும் அவர் கவலை. ஆகவே இரண்டு பந்தியும் எங்கெங்கே என்பதைச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

விரதம் வீட்டுக்கு வீடு மாறும். ஏகாதசியன்று சிலர் அரிசியை மட்டும் தவிர்ப்பார்கள், சிலர் பருப்பையும் தொடமாட்டார்கள், சிலருக்குப் பாலும் பழமும்தான். என்ன வைத்திருக்கிறோம் என்று சொன்னால் அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

ஒவ்வாமைதான் ஆபத்தானது. பொங்கலில் கிடக்கும் முந்திரியை எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுப்பது பயன்படாது. வறுத்த நெய்யே அதில் கலந்திருக்கிறது. குருமாவில் முந்திரி அரைபட்டுக் கண்ணுக்கே தெரியாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருப்பதால், கோதுமை ஆகாதவருக்குச் சாம்பாரும் ரசமும்கூட ஆகாமல் போகலாம். பரிமாறுகிற அவசரத்தில் பாயசக் கரண்டி ரச வாளிக்குள் போவதும் உண்டு. அதனால் தாளிக்கும் முன்பே எடுத்து வைத்து, மூடிய பாத்திரத்திலிருந்து ஒரே ஆள் பரிமாற வேண்டும். இதற்குச் சமையல்காரருக்கு நான்கைந்து நாளாவது முன்னதாகத் தெரிய வேண்டும்.

செய்தி இப்படி இருக்கலாம்:

“வரவேற்பன்று கீழ்த்தளத்தில் முழுச் சைவம், தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அசைவப் பந்தி மாடியில் மட்டும். மாலை போட்ட சாமிகளுக்கு வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு கீழ்த்தள முதல் வரிசையில். விரதம் இருப்பவர்களுக்குப் பால், வாழைப்பழம், இளநீர் உண்டு. முந்திரி, வேர்க்கடலை, பால், கோதுமை போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்தப் பொருள், சாப்பிட்டால் என்ன செய்யும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்ணின் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள். தனியாகச் சமைக்கச் சொல்கிறோம். ஆனால் அதே சமையற்கட்டில் முந்திரியும் புழங்கும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.”

‘சாப்பிட்டால் என்ன செய்யும்’ என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. பிடிக்காததையும் ஒவ்வாமை என்றே சிலர் சொல்வார்கள். உதடு வீங்கும், மூச்சு முட்டும் என்று பதில் வந்தால் அந்த இலைக்குத் தனிக் கவனம் வேண்டும். பந்தியில் யாருக்காவது அப்படி ஆனால், தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

செய்தியில் கொடுக்கும் எண் மாப்பிள்ளையுடையதாகவோ பெண்ணுடையதாகவோ இருக்க வேண்டாம். கல்யாணத்தன்று போனை எடுக்கக்கூடிய, சமையல்காரரோடு நேரே பேசுகிற ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.